பின்னட்டையில் நிறுத்திய இடம்

என் முதல் நாவலின் அட்டை ஓடுகிறது, வந்து பார் என்று மிஷின் அண்ணன் கூப்பிட்டபோது நான் ஒரு தரைச்சக்கரப் பெட்டியின் லேபிளில் எச்சரிக்கை வாசகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் எனக்கு டிடிபி வேலை. லேபிள், காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று இத்தனை வருடமாக ஊரார் விஷயங்களையே தட்டிக்கொண்டிருந்தவள். என் பெயர் போட்ட ஒன்று அந்த மிஷினில் ஏறியது அன்றுதான்.

"தாயி, ஒம் புக்கு ஓடுதுல்ல. இங்கன கம்ப்யூட்டரு முன்னாடியே குத்தவச்சிருக்க? கலரு எம்புட்டு சுத்தமா வந்திருக்குன்னு வந்து பாரு."

ஓடினேன். அண்ணன் ஈரம் காயாத ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு ஷீட்டில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் முன்னட்டை, நடுவில் முதுகு, இடப்பக்கம் பின்னட்டை. முன்னட்டையை இரண்டு வாரம் முன்பே கைப்பேசியில் பார்த்து அழுதுவிட்டேன்: கதவு மூடிய ஒரு கம்பெனி வேன், அதன் படியில் ஒற்றைச் செருப்பு. பின்னட்டையை யாரும் எனக்கு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. தினம் பத்துப் பேருடைய வேலைக்குப் புரூஃப் கேட்டு வாங்குகிறவள், சொந்தப் புத்தகத்துக்குக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அங்கே இப்படி இருந்தது:

'பட்டாசு வேலைக்குப் போகும் அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கை. கணினி கற்க ஆசைப்படும் அக்கா, தாய்க்குத் தெரியாமல் ஒரு வேலைத் தேர்வுக்குச் செல்வதற்காகத் தன் இடத்தில் தங்கையைக் கெஞ்சி வேனில் அனுப்புகிறாள். அன்று நடக்கும் விபத்தில் தங்கை இறக்கிறாள். தனக்குக் காய்ச்சல் என்றும், சுடிதாருக்கு ஆசைப்பட்டுத் தங்கை தானாகவே போனாள் என்றும் அக்கா தாயிடம் பொய் சொல்கிறாள். அந்தப் பொய் பதினெட்டு வருடம் நிற்கிறது. முடிவில் அவள் உண்மையை ஒப்புக்கொள்ள, தாய் அவளை மடியில் கிடத்திக்கொள்கிறாள்.'

எனக்கு ஒரு கணம் காதே கேட்கவில்லை. மிஷின் சத்தம் எங்கோ போய்விட்டது. பிறகு நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

யாருடைய கையோ உள்ளே மாட்டிவிட்டது என்று நினைத்து அண்ணன் சிவப்புப் பொத்தானை அடித்தார். மிஷின் அடங்கியது. பைண்டிங் பகுதியில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் அந்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மை விரல்களில் ஒட்டியது.

"என்ன தாயி, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?" என்றார் அண்ணன்.

அந்தப் பத்தியில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை. அதை எழுதியது நானேதான்.

நடந்தது இதுதான். பதிப்பாளருக்கு நாவலை அனுப்பியபோது அவர் கதைச் சுருக்கம் ஒரு பக்கம் கேட்டிருந்தார், முடிவையும் சேர்த்து. கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் எந்தப் பதிப்பாளரும் கையெழுத்துப் போடமாட்டார், அது நியாயம். நானும் எழுதி அனுப்பினேன். அது அவருடைய கண்ணுக்கு மட்டும் என்பது என் நினைப்பு. அட்டையை வடிவமைத்த மதுரைப் பையனிடம் ஃபோல்டரை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார். பின்னட்டைக்கு வாசகம் வேண்டும், ஃபோல்டரில் இருந்த சின்னக் கோப்பு அது ஒன்றுதான். எடுத்து ஒட்டிவிட்டான். பதிப்பாளர் வெளியூர்ப் புத்தகக் கண்காட்சியில் நின்றுகொண்டே முதுகின் அகலத்தையும் விலையையும் பார்கோடையும் சரிபார்த்து ஓகே சொல்லிவிட்டார்.

வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் என் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

அம்மா ஐந்தாம் வகுப்பு. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியே கை தேய்ந்தவள். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, எதையும் படிப்பாள். ஆனால் சின்னதாக இருக்க வேண்டும். பெட்டி லேபிள், காலண்டர் தாள், கோயில் நோட்டீஸ், மருந்து அட்டை, எதையும் விடமாட்டாள். புத்தகம் என்றால் மேலட்டையையும் பின்னட்டையையும் படித்துவிட்டு, "உள்ளுக்குள்ள நெறையக் கெடக்கு, அதை நீங்க படிச்சிக்கோங்க" என்று வைத்துவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் நான் நாவலே எழுதினேன். இருநூறு பக்கம் தாண்டி, கடைசி அத்தியாயத்தில் வைத்த ஒன்றை என் அம்மா ஒருநாளும் எட்டமாட்டாள். ஊர் முழுக்க அறியட்டும், அவள் மட்டும் அறிய வேண்டாம். கோழைத்தனத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு, அது எனக்கு நிறையவே இருந்தது.

அந்த நாவலில் கற்பனை கொஞ்சம். முடிவில் வரும் அந்த மடி கற்பனை. மற்றது நடந்தது.

நான் அப்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போய்விடுவாள். தங்கை பன்னிரண்டு முடித்து வீட்டில் இருந்தாள். சீசன் நேரம், ஒருத்தி வராவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருத்தி அவள் பெயரில் போவது எங்கள் பக்கம் சாதாரணம். போர்மேனுக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அன்று எனக்கு டவுனில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சுத் தேர்வு. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள், "கம்ப்யூட்டரு படிச்சு கலெக்டராகப் போறியாக்கும்" என்பாள். தங்கை போகமாட்டேன் என்றாள். வெடிமருந்து வாடை தலைவலி தரும் என்றாள். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வேனில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போனாள்.

தேர்வு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் கம்பெனியில் வெடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடி என்ன செய்தேன் தெரியுமா? தேர்வுக்குக் கட்டிய நல்ல சேலையை அவிழ்த்துவிட்டுப் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டேன். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத நேரத்தில் என் கை அந்த வேலையைச் செய்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பட்டியலில் இருந்தது என் பெயர். தெருவுக்கு வந்த செய்தி, நான் செத்துப்போனேன் என்பது. அம்மா என் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு அவள் கண் வீட்டுக்குள்ளே போய்த் தேடியது.

"அவ எங்க?"

"எனக்குக் காய்ச்சல்ம்மா. அவதான்..."

"அவ ஏன் போனா?"

"சுடிதார் எடுக்கணும்னு அவளாத்தான் போனா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை அந்தச் சுடிதாரை. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா தங்கையை நினைத்து அழும்போதெல்லாம் கூடவே திட்டுவாள். "ஒரு துணிக்கு ஆசைப்பட்டு உசிர விட்டாளே சண்டாளி." தீபாவளிக்குப் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, முறுக்கு அதிரசம் எல்லாம் வைப்பாள். புதுத்துணி மட்டும் வைக்கமாட்டாள். "துணியாலதான போனா, அதை வைக்க மாட்டேன்" என்பாள். அந்தக் காரியம் முடிந்த மாதமே, "நீ இனிமே மருந்துப் பக்கம் போவேண்டாம், கம்ப்யூட்டருக்கே போ" என்று அவளே என்னை அனுப்பியும் வைத்தாள். நான் போனேன். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாம் என்றேன். தங்கச்சி ஏக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது.

இப்போது அந்தப் பொய் முழுக்க, அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில், பெட்டி லேபிள் நீளத்துக்கு, மேட் லேமினேஷன் போட்டு வரப்போகிறது.

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். விருதுநகரில் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். வியாபாரத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு வருடத்துக்கு நாலைந்து புத்தகம் போடுகிறார். எல்லோருக்கும் அவர் பாய். நடந்ததைச் சொன்னேன்.

"முடிவுமா போட்ருக்கான்?"

"மடியில கெடத்துறது வரைக்கும் போட்ருக்காக பாய்."

"யா அல்லா! அப்ப யாரும்மா காசு குடுத்து உள்ள படிப்பாக? மிஷின நிறுத்தச் சொல்லுங்க. வண்டிய எடுத்துட்டேன்."

அண்ணன், நிறத்துக்கு ஒன்றாக மிஷினில் மாட்டியிருந்த நான்கு அச்சு பிளேட்டுகளையும் பார்த்துவிட்டு வந்தார். "எழுத்தெல்லாம் கருப்புலதான் இருக்கு. கருப்பு பிளேட்டு ஒண்ண மட்டும் புதுசா எடுத்தாப் போதும், மத்த மூணும் அப்பிடியே கெடக்கட்டும். ஆனா ரெண்டு மணிக்கு காலண்டர் லோடு ஏறுது. அதுக்குள்ள குடுத்தீகன்னா ஓட்டித் தாரேன். இல்லேன்னா சீசன் முடியணும்."

பாய் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஷீட்டை வாங்கிப் படித்தார். தலையில் அடித்துக்கொண்டார், ஹெல்மெட் மேல் பட்டது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

என் கணினியில் அந்தப் பத்தியைத் திறந்தேன். எனக்கு முதலில் தோன்றியது, கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்டிவிடலாம் என்பது. வெட்டினேன். பாய் தலையை ஆட்டினார்.

"பொய் சொல்றாள்னு இன்னும் நிக்குதுல்ல? பொய்னு சொன்னாலே எப்பவோ ஒருநா அது வெளிய வரும்னு படிக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க மொட்டை அடிச்சிட்டு மீசைய விட்டு வச்சிருக்கீக."

அதையும் எடுத்தேன். இப்போது தங்கை இறக்கிறாள் என்பதோடு நின்றது. படித்துப் பார்த்தால் பத்திரிகைச் செய்தி. 'பட்டாசுத் தொழிலாளர் வாழ்வின் அவலத்தைச் சித்திரிக்கும்' என்று ஒரு வால் சேர்த்தேன். பாய் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அவலம்னு நாம சொல்லக் கூடாதும்மா, படிச்சவன் சொல்லணும். கண்காட்சியில நானு நின்னு பாத்திருக்கேன். ஆளு புக்க எடுத்த ஒடனே திருப்புவான். பின்னால நாலு வரி படிப்பான். கதை பூராம் அங்கயே இருந்துச்சுன்னா, 'ஓ, இம்புட்டுதானா'ன்னு வச்சிட்டுப் போயிருவான். ஒண்ணுமே இல்லாம புகழ்ச்சியா இருந்தாலும் வச்சிருவான். அவன் கால் நகராம ஒரு எடத்துல நிக்க வைக்கணும்."

"எந்த எடத்துல?"

"முத இருவது பக்கத்துக்குள்ள என்ன நடக்குது? அதைத் தாண்டி ஒரு வரி வரக் கூடாது. அது வரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் சொல்லலாம்."

முதல் இருபது பக்கம். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாவல் தொடங்குவதே செய்தி தெருவுக்கு வரும் மதியத்தில். வாசலில் நிற்கும் பெண், ஓடிவரும் தாய், அந்தக் கேள்வி. பழைய பத்தியை முழுவதுமாக அழித்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தேன். அக்கா தங்கை என்ன படித்தார்கள், எங்கே வேலை, யாருக்குக் கணினி ஆசை என்பதெல்லாம் போயிற்று. 'விபத்து' என்ற சொல்லைக்கூட எடுத்தேன். பட்டாசு வேன் படம் முன்னால் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமல்ல, எவனுக்கும் புரியும். ஒன்றரை மணிக்கு இது மிஞ்சியது:

'வேனில் ஏறிப் போனது ஒருத்தி. பட்டியலில் இருந்தது இன்னொருத்தியின் பெயர்.

மதியம் செய்தி வந்தபோது, செத்துப்போனாள் என்று தெருவே அழுத பெண் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்த தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: அவ ஏன் போனா?

அக்கா ஒரு பதில் சொன்னாள். அது உண்மையா?'

பாய் இரண்டு தரம் படித்தார். அவருடைய கைமயிர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். கையை நீட்டிக் காட்டவும் செய்தார்.

"கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துருவமா?" என்றேன் நான்.

"எது, 'அது உண்மையா'வா?"

"ஆமா பாய்."

"எடுத்துருங்க, எடுத்துருங்க. நானே சொல்லணும்னு இருந்தேன். சீரியல்ல தொடரும் போடுற மாதிரி இருக்கு. 'அக்கா ஒரு பதில் சொன்னாள்.' அம்புட்டுதான். முற்றுப்புள்ளி வச்சு நிறுத்துங்க. நீங்க எழுத்தாளரும்மா, ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க."

எனக்குத் தெரிந்தது வேறு. 'உண்மையா' என்ற சொல் அம்மாவின் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். பதில் சொன்னாள் என்று முடித்தால் அம்மாவுக்கு அந்தப் பதில் தெரியும்: சுடிதார். மேற்கொண்டு எதையும் தேடமாட்டாள். கதை விற்கவும் என் பொய் பிழைக்கவும் ஒரே இடத்தில் நிறுத்தினால் போதும் என்பது எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. பாய் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார், நான் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதுக் கருப்பு பிளேட் வந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் ஓட்டிக் கொடுத்தார். ஏற்கெனவே ஓடிய ஷீட்டுகள் ஓரமாகக் கிடந்தன. எங்கள் ஊரில் வேஸ்ட் ஷீட் வீணாகாது. பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடவும், அலமாரியில் விரிக்கவும் ஆளாளுக்குக் கொண்டுபோவோம். எங்கள் வீட்டு அலமாரியில் இப்போதும் போன வருடத்துச் சாமி காலண்டர்தான் விரிப்பு. பைண்டிங் பெண் ஒருத்தி குனிந்து ஒரு கட்டு ஷீட்டை எடுக்கப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். எல்லாவற்றையும் கட்டிங் மிஷினுக்குக் கொண்டுபோய் நீளநீளமாக நறுக்கித் தள்ளினேன். "சொந்தப் புக்குல்ல, அதான் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சமாதானப்படுத்தினார்.

புத்தகம் கட்டி வந்தது தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனைக்குட்டம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோனேன். டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், வாரத்துக்கு ஒருநாள் அம்மாவிடம் போவது வழக்கம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். என் பெயரைத் தடவிப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நம்ம புள்ள கதையா?"

"நம்ம கதைதாம்மா."

புத்தகத்தைத் திருப்பினாள். நான் இதை எதிர்பார்த்தேன், இதற்காகத்தானே அத்தனை பாடும். உதடு அசைந்தது. 'வேனில் ஏறிப் போனது ஒருத்தி.' ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்துப் போனாள். 'அவ ஏன் போனா' வந்ததும் குரல் உடைந்தது. நான் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போக எழுந்தேன். கடைசி வரியைப் படித்தாள். விரல் முற்றுப்புள்ளியில் நின்றது. காகிதத்தைச் சாய்த்து, கீழே பார்கோடுக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஏ புள்ள, இங்கன வா."

"என்னம்மா?"

"பதில எழுதாம விட்ருக்காக."

"அப்பிடித்தாம்மா போடுவாக. மிச்சம் உள்ள இருக்கும்."

"மிச்சம் என்ன மிச்சம்? நீ சொன்னதுதான் எனக்குத் தெரியுமே. சுடிதாருக்காகப் போனான்னு. அதை எழுத எம்புட்டு எடம் வேணும்? ஒரு வரி. வேன எழுதியிருக்க, பேர எழுதியிருக்க, நான் கேட்டத அப்பிடியே எழுதியிருக்க. அதை மட்டும் ஏன் விட்ட?"

"அது... படிக்கிறவங்களுக்கு ஆவல் வரணும்னு..."

"நான் முப்பது வருசம் லேபிள் ஒட்டுனவ. உள்ள இருக்கறத எல்லாம் போட்டுட்டு ஒண்ண மட்டும் போடாம விட்டாகன்னா, மேல சொன்னது வேற, உள்ள இருக்கறது வேறன்னு அர்த்தம்."

ஒரு புத்தகத்தை விற்பதற்காகப் பாயும், ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக நானும் சேர்ந்து நிறுத்திய இடத்தில், என் அம்மா விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய பத்தியே போயிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், அடித்திருப்பாள், நான் ஓடியிருக்கலாம். இப்போது அவள் கேட்கிறாள். நான் சொல்லியே ஆக வேண்டும்.

"உள்ள எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டு. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிறேன்" என்று முதல்முறையாகப் புத்தகத்தை உள்ளே பிரித்தாள்.

அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினேன். அந்தக் கடைசி அத்தியாயத்தில் நான் எனக்கு வசதியாக ஒரு மடியை எழுதி வைத்திருக்கிறேன். அதை அவள் படித்து அதன்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லம்மா" என்றேன். "கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் போனேன். அவ வேனுக்குப் போகமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கெஞ்சி ஏத்தி விட்டேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிக்காகக் காத்திருந்தேன். சேலையை மாற்றியதையும் சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. அவள் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப," என்றாள் கடைசியில், "அவ சுடிதார் கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒருக்காகூடக் கேக்கலையா?"

"கேக்கலம்மா. நானாச் சொன்னது."

அவள் எழுந்தாள். வெங்காயத் தோல் மடியிலிருந்து கொட்டியது. போட்டோ மாட்டியிருக்கும் சுவருக்குப் போய், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். "கேக்காத புள்ளைய சண்டாளின்னு வஞ்சிட்டேனே," என்றாள். "கேக்கவே இல்லையே. பதினெட்டு வருசமா வஞ்சிட்டேனே தாயி." அவள் பேசியது என்னிடம் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா முகத்தைக் கழுவி, நல்ல சேலை கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெளம துணிக்கடை எம்புட்டு நேரம் வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். "அவளுக்கு என்ன அளவு இருக்கும்னு ஒனக்குத்தான் தெரியும். எந்திரிச்சு வா."